ஏசி சர்வீஸுக்கு முதல் பத்து வீடு

கேள்வி: "ஆறு வருடம் ஒரு ஏசி சர்வீஸ் கம்பெனியில் டெக்னீஷியனாக இருந்தேன். செப்டம்பரில் விலகி மடிப்பாக்கத்தில் தனியாக ஆரம்பித்திருக்கிறேன். 2000 பிட் நோட்டீஸ் போட்டேன். இரண்டே போன், இரண்டும் ரேட் கேட்டதோடு சரி. தெரிந்தவர்களிடம் சொல்லி வை என்கிறார்கள், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். முதல் பத்து பேர் காசு கொடுத்துக் கூப்பிட வைப்பது எப்படி?"

நான் ஆதம்பாக்கத்தில் பதினேழு வருடமாக இதே தொழில் செய்கிறேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்டு தனியாகப் போனவர்கள் நான்கு பேர். அவர்களில் இரண்டு பேர் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள், இரண்டு பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். நான்கு பேருக்கும் வேலை நன்றாகவே தெரியும். அதனால் கைவேலையை விட்டுவிட்டு, ஆள் பிடிக்கிற விஷயத்தை மட்டும் பேசுகிறேன்.

உங்கள் தெரிந்தவர்களிடம் நீங்கள் சொன்னது வீணாகப் போகவில்லை, ஆனால் தப்பான நாளில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு வீட்டுக்கு ஏசி மெக்கானிக் வருடத்தில் இரண்டு நாள் தேவைப்படுவார். நீங்கள் சொல்லி வைத்த நாள் அந்த இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ராத்திரி பதினொரு மணிக்குக் கட்டில் மேல் தண்ணீர் சொட்டும்போது, அந்த வீட்டு மனிதர் உங்கள் மாமாவுடைய நண்பராகவே இருந்தாலும், மூன்று மாதம் முன்பு யாரோ சொன்ன பையன் ஞாபகத்துக்கு வர மாட்டார். அவர் காலையில் எழுந்து யாரையாவது கேட்பார். யாரைக் கேட்பார் என்பதுதான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம். ஏசி வைத்திருப்பவரைத் தேடி அலைவதை விட, ஏசி வைத்திருப்பவர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்களோ அவரைத் தேடிப் போவது சுலபம். ஆயிரம் பேருக்கு ஏசி இருக்கும். கேட்கப்படுகிறவர் ஒரு தெருவுக்கு இரண்டு பேர்தான் இருப்பார்கள்.

உங்கள் பக்கத்தில், அதாவது மடிப்பாக்கம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம் மாதிரி எட்டு வீடு, பன்னிரண்டு வீடு, இருபது வீடு உள்ள அடுக்குமாடிகளில், கேட்கப்படுகிறவர்கள் யார் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் அசோசியேஷன் செயலாளர். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவர், மெயின்டனன்ஸ் வசூலிப்பவர், மோட்டார் ரிப்பேர், செப்டிக் டேங்க் என்று எல்லோருடைய நம்பரும் அவர் டைரியில் இருக்கும். அடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் யார் என்ன கேட்டாலும் முதல் ஆளாகப் பதில் போடுகிற ஒருவர். எல்லாக் குரூப்பிலும் அப்படி ஒருத்தர் உண்டு. அப்புறம் தெருமுனை எலக்ட்ரிகல் கடைக்காரர். "ஏசிக்கு ஆள் இருக்கா?" என்ற கேள்வி அவரிடம் கோடையில் தினமும் வரும். பிறகு அந்த ஏரியா எலக்ட்ரீஷியன். ஏசிக்காகத் தனி லைன் இழுத்தவர் அவர்தான் என்பதால் முதல் போன் அவருக்கே போகும். வாட்ச்மேனையும் பலர் சொல்வார்கள். அவரைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இந்த ஆட்களிடம் போய் "அண்ணா, ஏசி வேலை வந்தா சொல்லுங்க" என்றால் சொல்ல மாட்டார்கள். தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. உங்கள் நம்பரைக் கொடுப்பதில் அவர்களுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது, ஆனால் நஷ்டம் உண்டு. நம் தொழிலுக்குள்ள கெட்ட பெயர் உங்களுக்கே தெரியும். ஃபில்டரைக் கழுவிவிட்டு "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்று இரண்டாயிரம், மூவாயிரம் வாங்கிக்கொண்டு போகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. பெட்ரோல் தீர்கிற மாதிரி ஏசியில் கேஸ் வருஷா வருஷம் தீராது, எங்காவது லீக் இருந்தால்தான் குறையும் என்பது இன்றைக்குப் பாதி வீடுகளுக்குத் தெரிந்துவிட்டது. செயலாளர் அனுப்பிய ஆள் அப்படி ஏமாற்றினால், அடுத்த மீட்டிங்கில் தலைகுனிய வேண்டியது செயலாளர்தான். ஆக உங்களைப் பற்றிச் சொல்வதால் அவருக்கு வரக்கூடிய ஆபத்தைக் குறைத்துக் காட்டினால்தான் அவர் வாய் திறப்பார். அதற்கு ஒரே வழி, அவர் வீட்டு ஏசியையே முதலில் பார்ப்பது.

இங்கேதான் புதிதாக ஆரம்பிப்பவர்கள் வழக்கமாக ஒரு தப்பு செய்கிறார்கள். "முதல் சர்வீஸ் ஃப்ரீ" என்று போய் நிற்பார்கள். செய்யாதீர்கள். இலவசமாகச் செய்து வாங்கிய வாடிக்கையாளர், "நல்ல பையன், எனக்குக் காசே வாங்கலை" என்றுதான் அடுத்தவரிடம் சொல்வார். அடுத்தவரும் அதே எதிர்பார்ப்போடு கூப்பிடுவார். உறவுக்காரர்களுக்கும் இதே கதைதான். எங்கள் பக்கம் ஒரு ஸ்ப்ளிட் ஏசிக்குத் தண்ணீர் சர்வீஸ் அறுநூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் வீட்டிலும் அறுநூறுதான். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் விலையைத் தொடாமல் வேறொன்று கொடுங்கள்: "பதினைந்து நாளுக்குள்ள இதே கம்ப்ளைன்ட் வந்தா ஒரு ரூபாய் வாங்காம வந்து பார்ப்பேன்." செயலாளர் பயப்படுவது அறுநூறு ரூபாய்க்காக இல்லை. அடுத்த வாரம் போன் செய்தால் நீங்கள் எடுப்பீர்களா என்றுதான் அவர் பயப்படுகிறார். அந்தப் பயத்துக்குத்தான் பதினைந்து நாள் வாக்கு.

சரி, பணம் கொடுக்கிற ஒருவர் அதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டுமே, என்ன சொல்வார்? "நல்லா பண்ணினார்" என்பது ஒரு சேதியே இல்லை, கேட்பவர் காதில் தங்காது. பார்த்ததைத்தான் மனிதர்கள் திருப்பிச் சொல்வார்கள். ஏசி சர்வீஸில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்பதுதான் நம் கஷ்டம். கழுவினோம், மாட்டினோம், காற்று வருகிறது. அதனால் நான் என் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். வேலையைத் தொடுவதற்கு முன்னால், வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்து, இண்டோர் யூனிட்டின் மேலே காற்று உள்ளே போகிற இடத்தில் ஒரு அளவு, கீழே குளிர்ந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு அளவு. வித்தியாசம் ஆறு டிகிரி என்று வந்தால் அதை அவர் போனிலேயே போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காயிலையும் ப்ளோயரையும் கழுவி, டிரெயின் பைப்பை ஊதி, அவுட்டோரைக் கழுவி முடித்தபின் அதே இரண்டு இடத்தில் மறுபடி அளவு. பத்து, பதினொன்று வரும். இப்போது அவரிடம் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது. "முன்னாடி ஆறு டிகிரிதான் இறங்குச்சு, கழுவினப்புறம் பதினொண்ணு, மீட்டர் வெச்சுக் காட்டினான், கேஸ் நல்லா இருக்குன்னு அவனே சொன்னான்." கேஸ் போடாமல் திரும்பிப் போன மெக்கானிக் என்பது சென்னையில் இன்னும் நான்கு பேரிடம் சொல்லத்தக்க அதிசயம்தான்.

இதில் ஒரு எச்சரிக்கை. இன்வர்ட்டர் ஏசியில் அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வித்தியாசமும் குறைந்து காட்டும். வெப்பநிலையைக் கடைசி வரைக்கும் இறக்கி, ஃபேனை வேகமாக வைத்து, முன்னும் பின்னும் சரியாகப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அளந்தால்தான் இரண்டையும் ஒப்பிடலாம். மழைநாளில் காற்றின் ஈரத்தை உறிஞ்சவே பாதி சக்தி போய்விடும் என்பதால் அளவு கொஞ்சம் மோசமாகத்தான் வரும். கழுவிய பிறகும் வித்தியாசம் கூடவில்லை என்றால் அதையும் அப்படியே காட்டிவிடுங்கள். அங்கே நிஜமாகவே கேஸ் லீக்கோ கம்ப்ரஸர் கோளாறோ இருக்கலாம். அளந்து காட்டியபின் சொல்கிற செலவை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இனி ஒரு நிஜக் கணக்கு. என்னிடம் ஏழு வருடம் இருந்த பையன் 2023 பிப்ரவரி முதல் வாரம் தனியாகப் போனார். போகும்போது நான் அவருக்குக் கொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு நிபந்தனையும்தான்: ஒவ்வொரு வேலைக்கும் "யார் சொல்லி வந்தது" என்று ஒரு கட்டம் போட்டு எழுத வேண்டும். அந்த நோட்டை நான் பிறகு பார்த்தேன்.

முதல் ஆள் அவருடைய வீட்டு ஓனரின் அக்கா. நங்கநல்லூரில் பதினாறு வீடு உள்ள அடுக்குமாடி, அந்த அம்மாதான் அங்கே செயலாளர். ஹால் ஏசியில் தண்ணீர் ஒழுகுகிறது, ஏற்கனவே இரண்டு மெக்கானிக் வந்து டிரெயின் பைப்பை ஊதிவிட்டுப் போயிருக்கிறார்கள், இரண்டு வாரத்தில் மறுபடி ஒழுகும். இவர் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் கீழே சரியாமல் லேசாக மேலேறி நின்றிருக்கிறது. அந்த வளைவில் தண்ணீர் தேங்கித் தேங்கிப் பாசி பிடிக்கிறது. நான்கடி பைப்பை மாற்றிச் சரிவு கொடுத்தார். இரண்டு ஏசி சர்வீஸ் ஆயிரத்து இருநூறு, பைப் வேலை முந்நூற்றைம்பது. "என் தம்பி வீட்டுல குடியிருக்கே, குறைச்சுக்கப்பா" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். "அம்மா, மறுபடி ஒழுகினா சும்மா வந்து பார்ப்பேன், விலையில கேக்காதீங்க" என்று இவர் சொல்லிவிட்டார். முழுசாகக் கொடுத்தார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். வெளியே வந்து மாடியில் நின்று மற்ற வீட்டு அவுட்டோர் யூனிட்களைப் பார்த்திருக்கிறார். ஒரே பில்டர் கட்டிய கட்டடத்தில் ஒரு வீட்டில் உள்ள தப்பு மற்ற வீட்டிலும் இருக்கும். பைப்புக்கு ஓட்டை போட்டவர் ஒரே ஆள்தானே. இரண்டு நாள் கழித்து ஒழுகல் நின்றுவிட்டதா என்று கேட்கப் போன் செய்தபோது, "உங்க எதிர் வீட்டுலயும் அதே இடத்துலதான் பைப் இறங்குது, அவங்களுக்கும் ஒழுகுதான்னு கேட்டுப் பாருங்கம்மா" என்றார். ஒழுகியது. அது இரண்டாவது வேலை. கீழ்வீடு மூன்றாவது, அங்கே கெபாசிட்டர் போயிருந்தது. மாற்றிவிட்டு, உப்பிப்போன பழைய கெபாசிட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

நான்காவது, எலக்ட்ரிகல் கடைக்காரர் அனுப்பிய ஒரு டியூஷன் சென்டர். அவரிடம் வேலை கேட்டு நிற்கவில்லை, கெபாசிட்டரும் டேப்பும் பைப்பும் மூன்று வாரமாக அந்தக் கடையிலேயே ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவது, எதிர் வீட்டு அம்மாவின் மகள், வேளச்சேரி. நம் ஊரில் சிபாரிசு தெரு வழியாகப் போவதை விட அம்மா வீடு, பெண் வீடு என்று ரத்த வழியில் வேகமாகப் போகும். பெட்ரோல் செலவைப் பார்த்து அதை விட்டுவிடக் கூடாது. ஆறாவது, பக்கத்துக் கட்டட வாட்ச்மேன் மூலம். ஏழாவது, ஒரு எலக்ட்ரீஷியன் சொல்லி வந்த வீடு.

இடையில் ஐந்தாவது வீட்டில் ஒரு வினை. அங்கே நிஜமாகவே கேஸ் லீக் இருந்தது. அவுட்டோர் பக்கத்து ஜாயின்டில் சோப்பு நுரை வைத்துக் கண்டுபிடித்து, மறுபடி ஃபிளேர் செய்து, வேக்குவம் எடுத்து, கேஸ் போட்டுவிட்டு வந்தார். பன்னிரண்டாம் நாள் போன், குளிர்ச்சி இல்லை. இண்டோர் பக்க ஜாயின்டிலும் மெல்லிய கசிவு இருந்திருக்கிறது. ஒரு லீக் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார், நைட்ரஜன் ஏற்றிப் பிரஷர் நிற்கிறதா என்று பார்க்கவும் இல்லை. எனக்குப் போன் செய்து, "என்னண்ணா பண்றது, மறுபடி கேஸ் போட்டா என் கையில ஆயிரத்து ஐந்நூறு போகும்" என்றார். "போகட்டும், இன்னைக்கு சாயந்திரமே போ, தப்பு எதுன்னு அவங்ககிட்டயே சொல்லு" என்றேன். போனார், சொன்னார், காசு வாங்கவில்லை. எட்டாவதும் ஒன்பதாவதும் அந்த வேளச்சேரிப் பெண் அனுப்பியவர்கள், ஒருவர் மாடி வீடு, ஒருவர் அவர் அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர். தப்பு செய்தால் வாடிக்கையாளர் வருவார் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாம் தடவை சரிசெய்த பிறகும் அங்கே கசிந்திருந்தால் அந்தப் பெண் வீட்டோடு சேர்த்து மூன்று வீடும் போயிருக்கும்.

பத்தாவது, மார்ச் 21. முதல் அம்மாவின் கட்டட வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஏசிக்கு ஆள் கேட்க, அந்த அம்மா இவர் நம்பரைப் போட்டிருக்கிறார். ஆக ஏழு வாரம், பத்து வீடு. "யார் சொல்லி வந்தது" என்ற கட்டத்தைப் பின்னோக்கிக் கோடு போட்டுப் பார்த்தால் இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, ஒன்பது, பத்து, ஆறு பேருமே அந்த முதல் அம்மாவிடம் போய் முடிகிறார்கள். எலக்ட்ரிகல் கடையும் எலக்ட்ரீஷியனும் வாட்ச்மேனும் தலைக்கு ஒன்று. அதனால்தான் முதல் வீட்டைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். உங்களுக்கு நெருங்கிய நண்பர், தனி வீட்டில் யாரோடும் பேசாமல் இருப்பவர் என்றால், அவர் காசு கொடுப்பார், கதை அங்கேயே நின்றுவிடும். உங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு செயலாளர் மாமா அவரை விட உங்களுக்கு உபயோகம். உங்கள் சொந்தத்தில், உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளி வாசலில், கோயில் கமிட்டியில், யாருடைய போனில் மற்றவர்கள் நம்பர் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஐந்து பேர் தேறினாலே போதும்.

கேட்கிற விதத்தைப் பற்றியும் கொஞ்சம். பணம் வாங்கும் நேரத்தில் "நாலு பேர்கிட்ட சொல்லுங்க சார்" என்று கேட்காதீர்கள். அப்போது அவர் மனது பர்ஸில் இருக்கும். வேலை நின்று பிடித்ததா என்று தெரிவதற்கு முன்னால் எந்த மனிதரும் பரிந்துரைக்கவும் மாட்டார். இரண்டு மூன்று நாள் கழித்து, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கி எழுந்திருப்பார்களே, அப்போது போன் செய்து முதலில் வேலையைப் பற்றி விசாரியுங்கள். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் வந்தபிறகு, எதிர் வீடு, மாடி வீடு, மகள் வீடு என்று குறிப்பாக ஒரே ஒரு இடத்தைக் கேளுங்கள். "யாராவது" என்றால் யாரும் ஞாபகத்துக்கு வர மாட்டார்கள். "உங்க மாடி வீட்டு அவுட்டோர் சத்தம் உங்க பால்கனி வரைக்கும் கேக்குதே, அவங்க வயசானவங்களா?" என்றால் அடுத்த பத்து நிமிடத்துக்கு அந்த வீட்டைப் பற்றித்தான் பேச்சு. கையோடு வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் அனுப்பிவிடுங்கள், அவர் அப்படியே ஃபார்வர்டு செய்கிற மாதிரி: உங்கள் பெயர், ஏரியா, நம்பர், தண்ணீர் சர்வீஸ் இவ்வளவு, பதினைந்து நாள் மறுபார்வை இலவசம். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். அவரையே எழுதச் சொன்னால் எழுத மாட்டார், விலையும் தப்பாகப் போகும்.

சொல்லி அனுப்பியவருக்கு முடிந்ததும் தகவல் சொல்லுங்கள். "மேல் வீட்டுல முடிச்சுட்டேம்மா, ஃபேன் மோட்டார் பேரிங் போயிருந்தது, இப்ப சத்தம் இல்லை" என்று ஒரு வரி. அவர் பெயரை நீங்கள் காப்பாற்றிவிட்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால்தான் இரண்டாவது தடவை சொல்வார். பலர் இங்கே கோட்டை விடுகிறார்கள்.

கமிஷனைப் பற்றிக் கேட்பீர்கள். வீட்டுக்காரர்களுக்கு, செயலாளர்களுக்குப் பணமாக எதுவும் கொடுக்காதீர்கள், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நட்பில் சொன்னவர் கையில் நூறு ரூபாயைத் திணித்தால் அவர் அதை அவமானமாக எடுத்துக்கொள்வார், விஷயம் குரூப்பில் தெரிந்தால் அவர் சொன்னதற்கே மதிப்புப் போய்விடும். எலக்ட்ரீஷியனுக்கு வேலைக்கு வேலை. ஏசிக்குத் தனி எம்சிபி வேண்டும், ஸ்டெபிலைசர் பாயின்ட் மாற்ற வேண்டும் என்று வரும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டுவிடுங்கள், அதையும் நானே செய்வேன் என்று இழுத்துப் போடாதீர்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மெக்கானிக்குகளோடும் இப்படி வைத்துக்கொள்ளலாம். வாட்ச்மேன் விஷயம் எனக்கு இன்னும் தெளிவில்லை. சிலர் அதில் நன்றாக ஓட்டுகிறார்கள். எங்கள் பையனின் ஆறாவது வீட்டில், வாட்ச்மேன் நூறு ரூபாய் கேட்டார், வீட்டுக்காரரோ "வாட்ச்மேன் புடிச்ச ஆள்தானே" என்று நானூறுதான் கொடுத்தார், அதற்குப் பிறகு கூப்பிடவும் இல்லை. வாட்ச்மேன் சொல்லி வருகிற ஆளுக்கு விலையை அந்த வீடு ஏற்கனவே மனதில் குறைத்து வைத்திருக்கிறது என்பது என் ஊகம். ஊகம்தான். தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் கொடுங்கள், கமிஷன் கணக்கு வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் மனதில் இருக்கும்: பழைய கம்பெனி வாடிக்கையாளர் நம்பர்கள். அந்த லிஸ்டைத் தொடாதீர்கள். சேரும்போது எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று எடுத்துப் பாருங்கள், அது சட்டப்படி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒரு வக்கீல்தான் சொல்ல வேண்டும். தொழில் கண்ணால் பார்த்தால் எனக்குத் தெரிந்தது இது: என்னிடமிருந்து போன நான்கு பேரில் என் நம்பர்களை எடுத்துக்கொண்டு போனவருக்கு நான் ஒரு வேலையும் அனுப்பவில்லை. சொல்லிவிட்டுப் போனவருக்கு, மே மாதம் கத்திரி வெயிலில் எங்களால் சமாளிக்க முடியாத வேலைகளைத் தினம் இரண்டு மூன்று தள்ளிவிட்டேன். உங்கள் பழைய முதலாளிக்கும் மே மாதம் வரும். சண்டை இல்லாமல் வந்திருந்தால் இப்போதே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் சொன்னதெல்லாம் தென்சென்னையின் சின்ன, நடுத்தர அடுக்குமாடிகளில் பார்த்தது. ஓ.எம்.ஆர். பக்கம் ஐந்நூறு வீடு உள்ள பெரிய குடியிருப்புகளில் வெளியாட்களுக்கு மேனேஜ்மென்ட் அலுவலகத்தில் அனுமதி, கேட் ஆப்பில் பதிவு என்று வேறு நடைமுறை. அங்கே ஒரு அம்மாவின் வாய்ச்சொல் அவ்வளவு தூரம் போகாது. ஆபீஸ்களும் கடைகளும் பில், ஏஎம்சி, முப்பது நாள் கடன் என்று கேட்கும், முதல் பத்துக்கு அதற்குள் போக வேண்டாம். பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரை ஓரத்து வீடுகள் கிடைத்தால் விடாதீர்கள். உப்புக் காற்றில் அவுட்டோர் காயில் சீக்கிரம் அரித்துப்போகும், அங்கே சர்வீஸ் அடிக்கடி தேவைப்படும். ஆனால் லீக் இல்லை என்று அங்கே வாக்குக் கொடுக்கும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

காலத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் பையனுக்கு ஏழு வாரம் ஆனது பிப்ரவரியில் ஆரம்பித்ததால். நீங்கள் செப்டம்பரில் ஆரம்பித்திருக்கிறீர்கள், வடகிழக்குப் பருவமழை முடிந்து பொங்கல் வரைக்கும் ஏசியை யாரும் நினைக்க மாட்டார்கள். அதே பத்து வீட்டுக்கு உங்களுக்கு நான்கு ஐந்து மாதம் ஆனால் அது உங்கள் குறை இல்லை. கையில் அதுவரைக்கும் வாடகைக்குப் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வாரத்தில் மூன்று நாள் யாரிடமாவது தினக்கூலிக்குப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது ஒழுகல் வேலைதான். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் கொஞ்ச நேரம் ஓட்டினாலே தண்ணீர் நிறைய இறங்கும், அடைபட்ட பைப்புகள் எல்லாம் அப்போதுதான் பல்லைக் காட்டும். அதனால் இப்போதைக்கு "ஏசி சர்வீஸ்" என்று சொல்லிக்கொள்ளாமல், "ஏசியில தண்ணி ஒழுகினா நிறுத்தித் தருவேன்" என்றே சொல்லுங்கள். கேட்பவருக்கு ஒரு வீடு உடனே ஞாபகம் வரும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். வேலை முடிந்ததும் நம்பர் ஸ்டிக்கரை வெளியே ஒட்டாதீர்கள், அழகு கெடுகிறதென்று அன்றே கிழித்துவிடுவார்கள். முன் மூடியைத் திறந்தால் ஃபில்டருக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி உள்ளே ஒட்டுங்கள். தேதியையும் அன்றைக்கு அளந்த இரண்டு டிகிரி அளவையும் அதிலேயே எழுதுங்கள், பெர்மனன்ட் மார்க்கரில். தண்ணீரில் கரைகிற மை என்றால் அடுத்த தடவை கழுவும்போது எழுதியது போய்விடும்.